முகத்தில் ஷாக் அடிக்கும் வலி: மாத்திரையைத் தொடர்வதா, அறுவை சிகிச்சையா, ஊசிவழிச் சிகிச்சையா?

டிரைஜெமினல் நியூரால்ஜியா எனப்படும் முக்கிளை நரம்பு வலி வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது. வந்திருப்பது தலைவலியா, பல்வலியா, நரம்பு வலியா என்பதை உறுதிசெய்வது முதலாவது. ஓரிரு ஆண்டுகள் நன்றாக வேலை செய்த மாத்திரை போதாமல் போகும்போதோ, அதன் பக்க விளைவுகளைத் தாங்க முடியாமல் போகும்போதோ அடுத்து எந்த வழியில் செல்வது என்பது இரண்டாவது. இந்தக் கட்டுரை இரண்டாவது முடிவைப் பற்றியது. ஆனால் முதல் முடிவு தவறாக இருந்தால் இரண்டாவது முடிவு நன்மைக்குப் பதிலாகக் கேட்டையே தரும். ஏனெனில் இங்கே ஒப்பிடப்படும் சிகிச்சைகளில் பல, நரம்பு இழைகளை வேண்டுமென்றே சேதப்படுத்தி வலியை நிறுத்துபவை. வேறொரு காரணத்தால் வரும் முகவலிக்கு அவற்றைச் செய்துகொண்டால் பழைய வலியும் போகாது, அதன்மேல் நிரந்தர மரமரப்பும் சேர்ந்துகொள்ளும்.

விளக்கத்துக்காக ஒரு நோயாளியை மனத்தில் வைத்துக்கொள்வோம். அவருக்கு 62 வயது. வலப்பக்கக் கீழ்த்தாடையில், உதட்டோரத்திலிருந்து காதை நோக்கி, கரண்ட் ஷாக் அடித்ததுபோல ஒரு வலி பாய்கிறது. ஒவ்வொரு முறையும் சில நொடிகளே நீடிக்கிறது. பல் துலக்கும்போதும், முகம் கழுவும்போதும், முதல் வாய் உணவை மெல்லத் தொடங்கும்போதும் வருகிறது. சில நேரம் பேச வாயைத் திறந்தாலே வருகிறது. வலி வந்த கணத்தில் அவர் அசையாமல் உறைந்து நிற்கிறார். கை கன்னத்தை நோக்கிச் செல்கிறது, ஆனால் தொடாமல் நின்றுவிடுகிறது. முதலில் பல் என்று எண்ணி ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்தார்கள், வலி போகவில்லை. பிறகு தலைவலி என்று சொல்லி வலிநிவாரணி தந்தார்கள், அதுவும் பயன்படவில்லை.

இந்த வரலாற்றைக் கவனமாகக் கேட்டாலே நோய் ஏறத்தாழ முடிவாகிவிடுகிறது. சர்வதேசத் தலைவலி வகைப்பாடு இந்த நோய்க்குச் சொல்லும் அடையாளங்கள் தெளிவானவை: வலி முகத்தின் ஒரு பக்கத்தில், முக்கிளை நரம்பின் எல்லைக்குள் இருக்க வேண்டும், ஒரு நொடிக்கும் குறைவான நேரம் முதல் 2 நிமிடம் வரை நீடிக்க வேண்டும், மிகக் கடுமையாகவும், மின்னதிர்ச்சி போன்றோ குத்துவது போன்றோ இருக்க வேண்டும், சாதாரணமாக வலியே தராத ஒரு செயல் அதைத் தூண்ட வேண்டும். இவற்றுள் கடைசி அடையாளத்துக்கே நான் அதிக எடை தருவேன். மெல்லிய காற்றுப் பட்டாலோ, உதட்டின் ஓரத்தை ஒரு விரல்நுனி வருடினாலோ வலி பாய்கிறது என்றால், அப்படி நடந்துகொள்ளும் தலைவலி வேறு எதுவும் எளிதில் நினைவுக்கு வருவதில்லை.

மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலியும் ஒரு பக்கமாகவே வரக்கூடும் என்பதால்தான் குழப்பம் நேர்கிறது. ஆனால் அது சிகிச்சை இல்லாவிட்டால் 4 முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும்; துடிப்பதுபோல இருக்கும்; குமட்டலும், வெளிச்சமோ சத்தமோ தாங்க முடியாத நிலையும் கூட வரும். மன அழுத்தத் தலைவலி தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டியதுபோல இரு பக்கமும் மந்தமாக வலிக்கும். கிளஸ்டர் தலைவலி கண்ணைச் சுற்றி 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை குடையும். அந்தப் பக்கக் கண் சிவந்து நீர் வடியும், மூக்கு அடைத்துக்கொள்ளும். நோயாளி ஓரிடத்தில் இருக்க முடியாமல் அங்குமிங்கும் நடப்பார். முக்கிளை நரம்பு வலி உள்ளவரோ, அசைந்தால் மீண்டும் வருமோ என்று அஞ்சி அசைவற்று இருப்பார். நோயாளி என்ன செய்கிறார் என்பதைக் கவனித்தாலே பாதி பதில் கிடைத்துவிடுகிறது.

மெல்லும்போது வரும் வலி எல்லாமே இந்த நோய் ஆகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 50 வயதைக் கடந்த ஒருவருக்குப் புதிதாகத் தலைவலி தொடங்கி, நெற்றிப்பொட்டில் தொட்டால் வலித்து, உணவை மெல்ல மெல்லத் தாடைத் தசை களைத்து வலி ஏறிக்கொண்டே போய், மெல்லுவதை நிறுத்தியதும் மெதுவாக அடங்கினால், அது தலையின் தமனிகளில் ஏற்படும் அழற்சியாக இருக்கக்கூடும். அது பார்வையைப் பறிக்கக்கூடிய அவசர நிலை. அன்றே மருத்துவரைப் பார்த்து இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். வேறுபாடு வலி தொடங்கும் விதத்தில் இருக்கிறது: தமனி அழற்சியில் மெல்லுவது தொடரத் தொடர வலி ஏறும், நரம்பு வலியில் முதல் அசைவிலேயே உச்சத்தில் வெட்டும். தாடை மூட்டுக் கோளாறில் காதுக்கு முன்னால் மந்தமான வலி நீண்ட நேரம் இருக்கும், வாயைத் திறந்தால் சொடுக்குச் சத்தம் கேட்கும், தசையை அழுத்தினால் வலிக்கும். பல்லில் விரிசல் இருந்தால் குறிப்பிட்ட ஒரு பல்லைக் கடிக்கும்போது மட்டுமே சுரீர் என்று இழுக்கும். முகத்தோலைத் தடவினால் ஒன்றும் ஆகாது.

நெற்றியிலும் கண்ணிலும் மட்டும் வரும் நொடிநேர வலி சற்று எச்சரிக்கையோடு பார்க்க வேண்டியது. முக்கிளை நரம்பின் மூன்று கிளைகளில் மேற்கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும், நடுக்கிளை கன்னத்துக்கும் மேலுதட்டுக்கும், கீழ்க்கிளை கீழ்த்தாடைக்கும் செல்கிறது. இந்த நோய் பெரும்பாலும் நடுக்கிளையிலும் கீழ்க்கிளையிலும்தான் வரும். மேற்கிளையில் மட்டும் வருவது அரிது. கண்ணைச் சுற்றி நொடிக்கணக்கில் குத்தி, ஒவ்வொரு முறையும் கண்ணில் தாரையாக நீர் வடிந்தால், அது தலைவலிக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு நோயாக இருக்கக்கூடும். அதற்கு மருந்தும் வேறு.

எடுத்துக்காட்டு நோயாளியிடம் திரும்புவோம். அவருக்குக் கார்பமாசெபைன் தொடங்கப்பட்டது. 1960களின் தொடக்கத்திலிருந்து இந்த நோய்க்குப் பயன்பட்டு வரும் மாத்திரை இது. வலிப்பு நோய்க்கான மருந்தும்கூட. முதலில் 100 மில்லிகிராம், நாளுக்கு இரு முறை. சில நாட்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாக ஏற்றி 600 மில்லிகிராமுக்கு வந்தபோது வலி முற்றிலும் நின்றது. இந்த மருந்துக்கு வலி இவ்வளவு தெளிவாக அடங்கியதே, நோய் சரியாகக் கண்டறியப்பட்டது என்பதற்கு ஓரளவு துணைச் சான்று. பாராசிட்டமால், இப்யூபுரூஃபன் போன்ற வழக்கமான வலிநிவாரணிகள் இந்த வலியைத் தொடுவதில்லை. காரணம், இங்கே புண்ணோ வீக்கமோ இல்லை, நரம்பு தானாகவே தவறான சைகை அனுப்புகிறது.

ஏன் அனுப்புகிறது என்பது சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க அவசியமான கேள்வி. பெரும்பாலோருக்கு, மூளைத்தண்டிலிருந்து முக்கிளை நரம்பு வெளியே வரும் வேர்ப்பகுதியில் ஓர் இரத்தக்குழாய் அழுத்திக்கொண்டிருக்கிறது. பல நேரங்களில் அது சிறுமூளைக்கு மேற்புறமாகச் செல்லும் தமனி. அதன் ஓயாத துடிப்பு நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மையலின் உறையைத் தேய்த்துவிடுகிறது. உறை தேய்ந்த இரண்டு மின்கம்பிகள் உரசிக்கொள்வதுபோல, தொடு உணர்வைக் கொண்டுசெல்லும் இழையின் சைகை பக்கத்திலுள்ள வலி இழைக்குத் தாவிவிடுகிறது. அதனால்தான் தொட்டாலே ஷாக் அடிக்கிறது. கார்பமாசெபைன் நரம்பிழையிலுள்ள சோடியம் வாயில்களைத் தடுத்து, இந்தத் தாறுமாறான மின் வெடிப்புகளை அடக்குகிறது, உறையைச் சரிசெய்வதில்லை. ஆகவே மாத்திரை வேலை செய்யும்போதும் அடிப்படைக் காரணம் அப்படியேதான் இருக்கிறது.

சிறுபான்மையோருக்குக் காரணம் வேறு: மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோய் மையலினை அழிப்பது, அல்லது நரம்பின் அருகே ஒரு கட்டி வளர்வது. வயது 40க்குள் இருந்தாலோ, இரு பக்கமும் வலி வந்தாலோ, முகத்தில் மரமரப்போ அந்தப் பக்கக் காதில் கேட்கும் திறன் குறைவோ இருந்தாலோ இந்தச் சந்தேகம் வலுக்கும். ஆனால் மருத்துவப் பரிசோதனை மட்டும் இதைப் பிரித்துக் காட்டப் போதாது என்பதால், இந்த வலி உள்ள ஒவ்வொருவரும் ஒரு முறையாவது எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள்வதே முறை. எடுக்கும்போது சாதாரண மூளை ஸ்கேன் போதாது. முக்கிளை நரம்பின் வேரை மெல்லிய அடுக்குகளாகக் காட்டும் தனிப் படங்கள் வேண்டும் என்பதைப் பரிந்துரைச் சீட்டில் எழுதச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம்.

அந்தப் படத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நரம்பை ஓர் இரத்தக்குழாய் தொட்டுக்கொண்டிருப்பது, வலியே இல்லாதவர்களிடமும் அடிக்கடி காணப்படுகிறது. ஆகவே தொடுதல் இருப்பதை வைத்து நோயை முடிவுசெய்ய முடியாது. நோய் வரலாற்றால் முடிவாகிறது. வேரை இரத்தக்குழாய் அழுத்திப் பள்ளமாக்கியிருக்கிறதா, இடம் பெயர்த்திருக்கிறதா, நரம்பு மெலிந்திருக்கிறதா என்பவையே பொருள் உள்ள கேள்விகள். அவை இருந்தால் நரம்பை விடுவிக்கும் அறுவை சிகிச்சை பலன் தரும் வாய்ப்பு உயர்கிறது.

நம் நோயாளிக்கு ஒன்றரை ஆண்டு நிம்மதியாகக் கழிந்தது. பிறகு வலி மாத்திரையையும் மீறித் தலைகாட்டியது. அளவு 800 ஆயிற்று, பின்னர் 1,000 மில்லிகிராம். வலி குறைந்தது, ஆனால் காலையில் எழுந்தால் தலை சுற்றியது, நடை தள்ளாடியது, பேச்சில் சொல் தடைப்பட்டது. இரத்தத்தில் சோடியம் 127 ஆகக் குறைந்திருந்தது. இயல்பு 135 முதல் 145 வரை. இங்கேதான் இரண்டாவது முடிவு தொடங்குகிறது.

அவர் முன்னிருக்கும் முதல் வழி, மருந்திலேயே தொடர்வது. கார்பமாசெபைனுக்கு நெருங்கிய உறவான ஆக்ஸ்கார்பசெபைன் பொதுவாகத் தூக்கத்தையும் தலைசுற்றலையும் குறைவாகத் தருகிறது, பிற மருந்துகளோடும் குறைவாகவே மோதுகிறது. ஆகவே கார்பமாசெபைன் ஒத்துக்கொள்ளாத பலருக்கு அது நல்ல மாற்று. ஆனால் சோடியத்தைக் குறைப்பதில் அது கார்பமாசெபைனையும் மிஞ்சும். அதனால் நம் நோயாளிக்கு அந்த மாற்றம் பொருந்தாது. தலைசுற்றலைத் தப்பி உப்புக் குறைவில் விழுவதாகிவிடும். அவருக்கு மருந்து வழியில் எஞ்சியிருப்பது, கார்பமாசெபைனின் அளவைக் குறைத்து, லாமோட்ரிஜின், பாக்லோஃபென், காபாபென்டின் ஆகியவற்றில் ஒன்றைத் துணையாகச் சேர்ப்பது. இவற்றுக்கான சான்று முதல் இரு மருந்துகளுக்கு உள்ள அளவு வலுவானதல்ல. லாமோட்ரிஜினைத் தோல் ஒவ்வாமையின் அபாயத்தால் பல வாரங்களில் மெல்ல மெல்லத்தான் ஏற்ற முடியும். எனவே இன்றைய வலிக்கு அது இன்றே உதவாது.

மருந்தில் தொடர்பவர்கள் தெரிந்திருக்க வேண்டிய சில செய்திகள் உண்டு. தொடக்க வாரங்களில் கார்பமாசெபைன் தன்னையே கல்லீரல் வேகமாக அழிக்கும்படி தூண்டிவிடுவதால், முதலில் போதுமாக இருந்த அளவு ஒரு மாதத்துக்குள் போதாமல் போகக்கூடும். அது நோய் முற்றியதன் அறிகுறி அன்று. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், கருத்தடை மாத்திரைகள் போன்றவற்றின் வலிமையையும் அது குறைத்துவிடும். முதல் சில வாரங்களில் தோலில் தடிப்போ, வாயில் புண்ணோ, காய்ச்சலோ வந்தால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்; ஆசிய மரபினர் சிலரிடம் காணப்படும் ஒரு மரபணு வகை, கடுமையான தோல் உரிவு நோய்க்கு இட்டுச்செல்லும் என்பதால், மருந்தைத் தொடங்குமுன் அதற்கான பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலி நின்று பல மாதங்கள் ஆனால், மருத்துவர் சொல்படி மெதுவாகக் குறைத்துப் பார்க்கலாம். இந்த நோய் சில காலம் தானாகவே அடங்கியிருக்கும் இயல்புடையது.

இரண்டாவது வழி, அழுத்தும் இரத்தக்குழாயை நரம்பிலிருந்து விலக்கும் அறுவை சிகிச்சை. மைக்ரோவாஸ்குலர் டிகம்ப்ரஷன் என்பது அதன் பெயர். இரத்தக்குழாய் நரம்பை அழுத்துவதை 1930களில் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி கவனித்தார். பின்னர் அதே துறையைச் சேர்ந்த பீட்டர் ஜனெட்டா நுண்ணோக்கியின் துணையோடு இதை ஒரு முறையான சிகிச்சையாக வளர்த்தார். முழு மயக்கத்தில், காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் சிறு திறப்பு செய்து, சிறுமூளையின் ஓரமாகச் சென்று, நரம்பு வேரைக் கண்டு, தமனியை மெல்ல விலக்கி, இரண்டுக்கும் இடையே டெஃப்ளான் பஞ்சை வைக்கிறார்கள். நரம்பு வெட்டப்படுவதோ சுடப்படுவதோ இல்லை. ஆகவே முகத்தின் உணர்வு பெரும்பாலும் அப்படியே இருக்கும், வலியும் பலருக்கு அன்றைக்கே நின்றுவிடும்.

இதன் நீண்டகாலப் பலனைப் பற்றி 1996இல் ஜனெட்டாவின் குழு வெளியிட்ட ஆய்வு இன்றும் அடிப்படைக் குறிப்பாக இருக்கிறது. 1,185 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்ததில், பத்து ஆண்டுகளுக்குப் பின் 70 சதவீதத்தினர் மருந்தே இல்லாமல் வலியின்றி இருந்தனர். மரணம் 0.2 சதவீதம், அந்தப் பக்கக் காதின் கேட்கும் திறன் இழப்பு 1 சதவீதம். வலி மீண்டவர்களில் பெரும்பாலோருக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் மீண்டது. அறுவை முடிந்தவுடன் வலி நிற்காதவர்கள், நோய் 8 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்கள், தமனிக்குப் பதிலாகச் சிரை அழுத்தியவர்கள் ஆகியோருக்குப் பலன் குறைவாக இருந்தது. இந்த எண்களைப் படிக்கும்போது அது மிகுந்த அனுபவமுள்ள ஒரு மையத்தின் எண்கள் என்பதை மறக்கக் கூடாது. உங்கள் அறுவை மருத்துவரிடம், அவரது மையத்தில் ஓராண்டில் எத்தனை பேருக்கு இதைச் செய்கிறார்கள், அவர்களில் எத்தனை பேருக்குக் கேட்கும் திறன் பாதிக்கப்பட்டது, மூளைத் தண்டுவட நீர் கசிந்தது என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல மருத்துவர் இந்தக் கேள்வியை வரவேற்பார்.

மூன்றாவது வழி, கன்னத்தின் வழியாக ஊசியைச் செலுத்தி, மண்டையோட்டின் அடியிலுள்ள நீள்வட்டத் துளையைக் கடந்து, நரம்பு முடிச்சை அடைந்து, அங்கே இழைகளை ஓரளவு சேதப்படுத்துவது. இதில் மூன்று வகைகள் உள்ளன. ரேடியோ அலையால் சூடாக்கும் முறையில் நோயாளியை இடையில் விழிக்கச் செய்து, மெல்லிய மின்னோட்டம் கொடுத்து, கூச்சம் எந்த இடத்தில் தெரிகிறது என்று கேட்டு, வலி வரும் அதே கிளையில் ஊசிமுனை இருப்பதை உறுதிசெய்தபின் சுமார் ஒரு நிமிடம் சூடாக்குகிறார்கள். எந்தக் கிளையைத் தொடுவது என்பதில் இதுவே அதிகத் துல்லியமானது. கிளிசரால் முறையில் நரம்பு முடிச்சைச் சூழ்ந்த திரவப் பைக்குள் கிளிசராலைச் செலுத்துகிறார்கள். பலூன் முறையில் சிறிய பலூனை ஊதி முடிச்சைச் சிறிது நேரம் நசுக்குகிறார்கள். இதற்கு முழு மயக்கம் வேண்டும், ஊதும் கணத்தில் இதயத் துடிப்பு சட்டென்று குறையக்கூடும் என்பதால் அதற்கு முன்னேற்பாடு வேண்டும்.

இவற்றின் பெரிய நன்மை, மண்டையைத் திறக்க வேண்டியதில்லை என்பதும், வலி உடனே அல்லது சில நாட்களில் நிற்கிறது என்பதும். விலை மரமரப்பு. பல்மருத்துவர் ஊசி போட்டபின் உதடு கனத்திருக்குமே, அந்த உணர்வு மாதக்கணக்கிலோ நிரந்தரமாகவோ இருக்கும் என்று நோயாளி முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். பெரும்பாலோர் வலி போனதற்காக அதை ஏற்றுக்கொள்கிறார்கள், சிலரால் முடிவதில்லை. மேற்கிளை சேதமானால் கருவிழி உணர்விழந்து, தூசி விழுந்ததும் தெரியாமல் புண்ணாகிப் பார்வை கெடலாம். அதனால் நெற்றிப் பகுதி வலிக்குச் சூடாக்கும் முறையை விடப் பலூன் முறையையே பலர் விரும்புகிறார்கள். ஆனால் பலூனால் மெல்லும் தசை சில காலம் பலவீனமாகும். அரிதாக, உணர்வற்றுப்போன அதே இடத்தில் இடைவிடாத எரிச்சல் வலி தோன்றும். அதற்கு நல்ல சிகிச்சை இல்லை. நரம்பைச் சேதப்படுத்தும் எந்த வழியையும் அவசரப்பட்டுத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். வலி மீண்டும் வருவதும் இந்த வழியில் அதிகம். பலருக்குச் சில ஆண்டுகளில் திரும்பும். திரும்பினால் மீண்டும் செய்யலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் மரமரப்பு கூடும்.

நான்காவது, காமா நைஃப் போன்ற கதிர்வீச்சு முறை. நரம்பு வேரின் ஒரு சிறு புள்ளியில் பல திசைகளிலிருந்து கதிர்களைக் குவித்து, உச்சமாக 70 முதல் 90 கிரே வரை செலுத்துகிறார்கள். வெட்டு இல்லை, முழு மயக்கம் இல்லை, பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். ஆனால் பலன் தெரிய வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள் ஆகும்; அதுவரை அதே மாத்திரையை அதே அளவில் தொடர வேண்டும். ஆகவே தண்ணீர்கூடக் குடிக்க முடியாத அளவுக்கு இன்று வலியில் இருப்பவருக்கு இது விடை ஆகாது. காலப்போக்கில் பலன் தேய்வதும், மரமரப்பு தாமதமாகத் தோன்றுவதும் இதிலும் உண்டு.

இப்போது முடிவுக்கு வருவோம். நம் நோயாளியின் எம்.ஆர்.ஐ.யில் தமனி ஒன்று நரம்பு வேரைப் பள்ளமாக்கியிருந்தது. கட்டியோ மையலின் நோயோ இல்லை. இரத்த அழுத்தம் கட்டுக்குள் உள்ளது, இதயம் நன்றாக உள்ளது, நோய் தொடங்கி இரண்டு ஆண்டுகளே ஆகின்றன. தாக்குதல்களுக்கு இடைப்பட்ட நேரத்தில் முகம் வலியின்றி இருக்கிறது. இது முக்கியமானது, ஏனெனில் இடைநேரத்திலும் மந்தமான வலி தொடர்ந்து இருப்பவர்களுக்கு மருந்தும் அறுவையும் குறைவாகவே பலன் தருகின்றன. இத்தனையும் சேர்ந்தால், என் கருத்தில் அவருக்கு முதல் தேர்வு டிகம்ப்ரஷன் அறுவைதான். ஐரோப்பிய நரம்பியல் அகாதெமியின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலும், இரத்தக்குழாய் அழுத்தம் உள்ளவர்களுக்கு மருந்து போதாதபோது இந்த அறுவையையே காமா நைஃபுக்கு முன்னால் வைக்கிறது. 62 வயது என்பது இதற்குத் தடை ஆகாது. தடையாவது மயக்க மருந்தைத் தாங்க முடியாத உடல்நிலைதான்.

அதே வலி, அதே படம், ஆனால் நோயாளிக்கு 81 வயது, இதயச் செயலிழப்பு உள்ளது, மயக்க மருத்துவர் தயங்குகிறார் என்றால் விடை மாறிவிடும். அங்கே கீழ்க்கிளையை மட்டும் குறிவைக்கும் ரேடியோ அலைச் சூடாக்கலை நான் முன்னால் வைப்பேன். கருவிழிக்கு அபாயம் குறைவு, வலி விரைவில் நிற்கும், மாத்திரையைக் குறைக்கலாம், தள்ளாடி விழுவதும் குறையும். அந்த வயதில் கார்பமாசெபைனால் விழுந்து இடுப்பெலும்பு முறிவது சிறிய அபாயம் அல்ல. இரத்தம் உறையாமைக்கான மருந்தை நிறுத்தவே முடியாதவர் என்றால் ஊசிகூட ஆபத்து. வலி மாத்திரையால் ஓரளவு கட்டுப்பட்டு, சில வாரம் காத்திருக்க முடியும் என்றால், அவருக்குக் கதிர்வீச்சு பொருந்தும். எம்.ஆர்.ஐ.யில் அழுத்தமே தெரியாதவருக்கும், மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸால் இந்த வலி வந்தவருக்கும் விலக்குவதற்கு இரத்தக்குழாய் இல்லை என்பதால், ஊசிவழிச் சிகிச்சையோ கதிர்வீச்சோதான் முன்னால் வரும்.

தேர்வின் நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். மாத்திரை முற்றிலும் தோற்ற பிறகுதான் அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று பலரும் எண்ணுகிறார்கள். அப்போது நோயாளி சாப்பிட முடியாமல் மெலிந்து, தூக்கமின்றி, எதற்கும் ஒப்புக்கொள்ளும் நிலையில் இருப்பார். அது ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்கும் நிலை அன்று. அளவை இரண்டாம் முறை ஏற்ற வேண்டி வந்தவுடனேயே, வலி இன்னும் கட்டுக்குள் இருக்கும்போதே, எம்.ஆர்.ஐ. படத்தோடு ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது. பேசுவதால் அறுவைக்கு உடன்பட்டதாகிவிடாது. எதையும் விழுங்கவே முடியாத அளவுக்கு வலி முற்றிவிட்டால் வீட்டில் காத்திருக்கக் கூடாது; மருத்துவமனையில் சேர்த்து, சிரை வழியாக நீரும், ஃபெனிட்டாயின் போன்ற மருந்தும் கொடுத்து வலியை அடக்கிய பிறகே அடுத்த சிகிச்சையைப் பற்றி யோசிக்க முடியும்.

அறுவையைத் தேர்ந்தெடுத்தவர் மாத்திரையை மறுநாளே தூக்கி எறிந்துவிட முடியாது. வலி நின்ற பிறகு சில வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நம் நோயாளிக்கு அதுவரை சோடியத்தையும் மீண்டும் மீண்டும் பார்க்க வேண்டும். காயத்தின் அருகே சில காலம் வரும் தலைவலி, முன்பிருந்த ஷாக் வலியின் மீட்சி அன்று. ஆனால் மூக்கிலிருந்தோ காயத்திலிருந்தோ தெளிந்த நீர் சொட்டினாலும், கழுத்து விறைத்துக் காய்ச்சல் வந்தாலும், கேட்கும் திறன் மங்கினாலும் அன்றே தெரிவிக்க வேண்டும். சில ஆண்டுகள் கழித்து ஷாக் வலியே திரும்பினால், முன்பு பயன்பட்ட மாத்திரையைக் குறைந்த அளவில் மீண்டும் தொடங்குவதே முதல் படி. பலருக்கு அது மறுபடியும் வேலை செய்கிறது. அதுவும் போதாதபோது புதிதாக எம்.ஆர்.ஐ. எடுத்து, பஞ்சு நகர்ந்திருக்கிறதா, வேறோர் இரத்தக்குழாய் அழுத்துகிறதா என்று பார்த்தபின், மீண்டும் திறப்பதா, ஊசிவழி செல்வதா என்பதை அன்றைய உடல்நிலையை வைத்துத் தீர்மானிக்கலாம்.